எட்ஸியில் தேங்கிய ரிவ்யூக்கள்: குறையை முதலில் எடுங்கள், பொதுப்பதிலை அவசரப்பட்டுப் போடாதீர்கள்

கேள்வி: "அண்ணா, கும்பகோணம் பக்கத்திலிருந்து எட்ஸியில் சின்னச் சின்ன பித்தளை விளக்குகள் விற்கிறோம். வாங்குபவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருப்பவர்கள். 2025 ஆகஸ்டிலிருந்து ரிவ்யூக்களுக்குப் பதிலே போடவில்லை, அறுபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் பத்துப் பதினைந்து குறை சொல்லி எழுதியவை. நானும் அக்கா மகனும் ஆளுக்குக் கொஞ்சம் எழுதினால் இரண்டு கடைக்காரர்கள் பேசுவதுபோல் இருக்கிறது. எதில் ஆரம்பிப்பது, ஒரே குரலில் எப்படி எழுதுவது?"

பதில் எழுதும் பெட்டியை இன்றைக்குத் தொடாதீர்கள். எட்ஸியில் ஒரு விதி இருக்கிறது, பல கடைக்காரர்கள் அதைக் கவனிப்பதில்லை. கடைக்காரர் பொதுவில் பதில் போட்ட பிறகு, வாங்கியவரால் அந்த ரிவ்யூவைத் திருத்த முடியாது. இரண்டு ஸ்டார் கொடுத்தவரிடம் உருகி உருகி மன்னிப்புக் கேட்டு நீங்கள் எழுதும் அந்தப் பதிலே, அவருடைய இரண்டு ஸ்டாரைப் பத்திரப்பதிவு செய்ததுபோல் நிரந்தரமாக்கிவிடும். அடுத்த வாரம் மாற்று விளக்கு கிடைத்து அவர் மனம் மாறினாலும் பயனில்லை.

அதனால் "குறை சொன்னவர்களுக்கு முதலில்" என்பதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குறையைக் கவனிப்பது முதல் வேலை. அதற்குப் பொதுவில் பதில் போடுவது, அந்தக் குறை ஒரு முடிவுக்கு வந்த பிறகு செய்யும் வேலை. நடுவில் தனி மெசேஜ் இருக்கிறது.

இந்த வரிசை எட்ஸிக்கு மட்டும்தான். அமேசானில் ரிவ்யூவுக்குக் கீழே கருத்து எழுதும் வசதியையே 2020 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். கூகுள் பிளேயில் ஆப் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை நேர் எதிர். அங்கே பதில் போட்டால் எழுதியவருக்குத் தகவல் போகும், அவர் வந்து ஸ்டாரை மாற்றவும் முடியும், எனவே உடனே பதில் போடுவதுதான் லாபம். அந்த உலகத்துக்கு எழுதிய ஆலோசனைகளைப் படித்துவிட்டு எட்ஸியில் "24 மணி நேரத்துக்குள் எல்லா ரிவ்யூவுக்கும் பதில்" என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர். எட்ஸியில் ஸ்டார் செல்லர் பட்டத்துக்கான 24 மணி நேரக் கணக்கு, வாங்குபவர் உங்களுக்கு அனுப்பும் முதல் மெசேஜுக்குப் பதில் சொல்வதைப் பற்றியது. ரிவ்யூவுக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. காத்திருக்க உங்களுக்கு இடம் இருக்கிறது.

எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. பொருள் கைக்குச் சேர்ந்த நாளிலிருந்து (அது தெரியாவிட்டால் சேர வேண்டிய நாளிலிருந்து) 100 நாள் வரைதான் வாங்கியவர் ரிவ்யூ எழுதவோ திருத்தவோ முடியும். இந்த 100 நாள் கணக்கு உங்கள் அறுபது ரிவ்யூக்களை இரண்டு குவியலாகப் பிரித்துவிடும். திருத்துவதற்கான ஜன்னல் இன்னும் திறந்திருப்பவை ஒரு குவியல், மூடிவிட்டவை இன்னொன்று. மூடியவற்றில் பூட்டு விழும் கவலை இல்லை, நேராகப் பொதுப்பதிலுக்குப் போகலாம். திறந்திருப்பவற்றில்தான் நிதானம் வேண்டும்.

ஆகவே முதல் நாள் வேலை ஒரு ஷீட். அக்கா மகனை உட்கார வையுங்கள். ரிவ்யூ வந்த தேதி, ஸ்டார், எந்த விளக்கு, குறை என்ன என்று ஐந்தாறு வார்த்தை, பார்சல் சேர்ந்த தேதி, மிச்ச நாள், நாம் சரிபார்த்தது, மெசேஜ் அனுப்பிய தேதி, பொதுப்பதில் போட்ட தேதி. இந்த வரிசையில் வைத்தால் பார்சல் சேர்ந்த தேதி E பத்தியில் வரும். மிச்ச நாளை ஷீட்டே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்:

```
=MAX(0, E2+100-TODAY())
```

பூஜ்யம் வந்தால் ஜன்னல் மூடிவிட்டது, அல்லது இன்றே கடைசி நாள். "குறை என்ன" என்ற பத்தியை அக்கா மகன் ஸ்டாரைப் பார்க்காமல், எழுதியதை மட்டும் படித்து நிரப்ப வேண்டும். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஸ்டாரை வைத்து வரிசைப்படுத்தினால் முக்கியமான குறை அடியில் போய்விடும். "அழகான விளக்கு, பூஜையறைக்குப் பொருத்தம், எண்ணெய் மட்டும் கீழே லேசாகக் கசிகிறது" என்று ஒருவர் நான்கு ஸ்டார் கொடுத்திருப்பார். பக்கத்திலேயே ஒருவர் தபால் தாமதத்துக்கு ஒரு ஸ்டார் கொடுத்திருப்பார். இதில் எதை முதலில் எடுக்க வேண்டும்? கசியும் விளக்கைத்தான். திருகி மாட்டும் தண்டும் எண்ணெய்த் தட்டும் சேரும் இடத்தில் மரை சரியாக உட்காராமல் எண்ணெய் கசிகிறது என்றால், அது எரியும் தீபத்துக்குக் கீழே எண்ணெய் தேங்கும் விஷயம். மர மேசை, துணி விரிப்பு எதுவும் கீழே இருக்கலாம். ஸ்டார் எத்தனை என்று பார்க்காமல் அன்றைக்கே அவருக்கு மெசேஜ் போக வேண்டும்: ஏற்றுவதை நிறுத்துங்கள், மாற்று அனுப்புகிறோம்.

அதற்கு அடுத்தபடி, இன்னும் பணமோ பொருளோ தர வேண்டியிருப்பவை. நசுங்கி வந்தது, தட்டு ஒடிந்து வந்தது, வேறு விளக்கு வந்தது, இந்த வகை. மூன்றாவது, உங்கள் பக்கத்துப் படமும் விவரமும் உண்டாக்கிய ஏமாற்றங்கள். "நினைத்ததைவிடச் சின்னது", "நிறம் படத்தில் இருப்பதுபோல் இல்லை" என்பவை. இவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு, ஏனென்றால் அடுத்து வாங்கப்போகிறவரும் அதே படத்தைப் பார்த்துத்தான் ஏமாறப்போகிறார். கடைசியில் தாமதமும் சுங்கமும்.

தாமதத்தைக் கடைசியில் வைத்தது அதில் உங்கள் பங்கு குறைவு என்பதால். நீங்கள் சொல்லும் தேதிகளைப் பார்த்தாலே கதை தெரிகிறது. 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு அமெரிக்கா கொடுத்துவந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29-இல் எல்லா நாடுகளுக்கும் முடிந்தது. அதை ஒட்டி ஆகஸ்ட் 25 முதல் இந்திய அஞ்சல்துறை அமெரிக்காவுக்கான பார்சல்களை நிறுத்திவைத்து, சுங்கத்தை இங்கேயே கட்டி அனுப்பும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது. நடுவில் கூரியரில் அனுப்பியவர்களின் வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று சுங்கம் கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கோபமெல்லாம் ரிவ்யூவாக உங்கள் கடையில் இறங்கியிருக்கும்.

இந்த வகை ரிவ்யூவுக்குப் பதில் எழுதும் முன் ஒரு வாய்ப்பு இருக்கிறது. கடைக்காரரின் கையில் இல்லாத விஷயத்தை, அதாவது தபால் நிறுவனத்தையோ எட்ஸியையோ மூன்றாவது ஆளையோ பற்றி ரிவ்யூ எழுதக் கூடாது என்பது எட்ஸியின் விதி. "விளக்கு நன்றாக இருக்கிறது, தபால்காரர் ஒரு மாதம் வைத்துக்கொண்டார்" என்று முழுக்கத் தபாலைப் பற்றியே எழுதி ஒரு ஸ்டார் கொடுத்திருந்தால், அந்த ரிவ்யூவை எட்ஸியிடம் புகாரளித்துப் பார்க்கலாம். எடுத்தே தீருவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். விளக்கைப் பற்றிய குறையும் கலந்திருந்தால் புகாரளிப்பதில் அர்த்தமில்லை. நீங்களே பார்சலைப் பத்து நாள் தாமதமாக அஞ்சலகத்துக்குக் கொண்டுபோயிருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஆர்டரில் பார்சல் அனுப்பிய தேதியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

இனி ஒரு ரிவ்யூவை முழுதாக எடுத்துப் பார்ப்போம். 4 அங்குல ஒற்றை விளக்கு. இரண்டு ஸ்டார். "படத்தில் பார்த்ததைவிட ரொம்பச் சின்னது. அடியில் கறுப்புத் திட்டுகள். வர ஐந்து வாரம்." பார்சல் டிசம்பர் 6 போனது, ஜனவரி 10 சேர்ந்தது, ரிவ்யூ ஜனவரி 14. ஜன்னல் ஏப்ரல் 20 வரை திறந்திருக்கிறது. அதாவது இது மெசேஜ் வழியே போக வேண்டிய ரிவ்யூ.

மெசேஜுக்கு முன் மூன்று குறையையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். அளவு: விவரத்தில் 4 அங்குலம் என்று போட்டிருக்கிறீர்கள், சரி. எங்கே போட்டிருக்கிறீர்கள்? கீழே இறங்கிப் படித்தால் நான்காவது பத்தியில். முதல் படத்தில் விளக்கு சட்டம் முழுக்க நிறைந்து நிற்கிறது, பக்கத்தில் அளவு காட்ட ஒரு பொருளும் இல்லை. அப்படியானால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கறுப்புத் திட்டு: பாலிஷ் போட்ட பித்தளையை வெறும் கையால் தொட்டால் விரலின் ஈரமும் உப்பும் ஒட்டிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றி அடைத்துவிட்டால் தாள் இழுத்த ஈரமும் சேர்ந்து நாலைந்து வாரத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும். அடிப்பக்கம் கையில் பிடிக்கும் இடம், அதனால் அங்கேதான் முதலில் வரும். இதுவும் உங்கள் கணக்கில்தான். ஐந்து வாரம்: ஆர்டர் வந்து மூன்றாம் நாளே அஞ்சலகத்தில் கொடுத்துவிட்டீர்கள், இதில் உங்கள் பிழை இல்லை.

அடுத்து, மெசேஜ் எழுதும் முன்பே என்ன தரப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து திருப்பி அனுப்பச் சொன்னால் தபால் செலவே விளக்கின் விலையைத் தொட்டுவிடும். எனவே சின்ன விளக்குகளுக்கு "திருப்பி அனுப்புங்கள், பணம் தருகிறோம்" என்பது கேட்க நன்றாக இருக்கும், நடைமுறையில் அது மறுப்புதான், அவருக்கும் அது புரியும். பொருளை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று ஒரு பகுதிப் பணத்தைத் திருப்புவதா, மாற்று அனுப்புவதா என்று உங்கள் கடைக்கு ஒரு விதி வையுங்கள். அந்த விதி எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். காரமாக எழுதியவருக்கு முழுப்பணம், பணிவாக எழுதியவருக்கு வெறும் மன்னிப்பு என்று போனால் அது நன்றாக இல்லை.

உண்மையில் மெசேஜ் ஆங்கிலத்தில்தான் போகும். பிடிமானத்துக்குத் தமிழில் எழுதுகிறேன்:

"வணக்கம். விளக்கு நீங்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது, அடியில் கறுப்புத் திட்டுகள் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். வருந்துகிறோம். எலுமிச்சைச் சாறும் கொஞ்சம் உப்பும் தொட்டு மென்மையான துணியால் தேய்த்து, கழுவி, ஈரமில்லாமல் உடனே துடைத்தால் அந்தத் திட்டுகள் பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் ஒரு படம் அனுப்புங்கள், மாற்று விளக்கு அனுப்பிவைக்கிறோம். அளவுதான் சரிப்படவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறோம், விளக்கு உங்களிடமே இருக்கட்டும்."

இதில் ரிவ்யூவை மாற்றுங்கள் என்ற பேச்சே இல்லை. கவனமாக விட்டது. பணத்தையும் ரிவ்யூவையும் ஒரே மெசேஜில் வைத்தால், "மாற்றினால் தருகிறேன்" என்று நீங்கள் சொல்லாவிட்டாலும் அவருக்கு அப்படித்தான் படும். நல்ல ரிவ்யூவுக்குக் கைம்மாறாகப் பணமோ பொருளோ தருவதை எட்ஸி அனுமதிப்பதில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசியும் 2024 அக்டோபர் 21 முதல் இதை விதியாகவே தடை செய்திருக்கிறது. குறை தீர்ந்து, அவரே "நன்றி, சரியாகிவிட்டது" என்று எழுதிய பிறகு வேண்டுமானால் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: "ரிவ்யூவைத் திருத்த விரும்பினால் ஏப்ரல் 20 வரை முடியும். அப்படியே விட்டாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை." ஒரு முறைதான். மறுபடி நினைவூட்டினால் அது நச்சரிப்பு.

அப்புறம் என்ன நடக்கும்? மூன்றில் ஒன்று. அவர் பதில் எழுதி, குறை தீர்ந்து, ஸ்டாரைத் திருத்தினால் பல சமயம் பொதுப்பதிலே தேவைப்படாது, விட்டுவிடலாம். குறை தீர்ந்தும் ஸ்டாரைத் தொடாமல் விட்டால், ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துப் பொதுப்பதில் போடுங்கள். மெசேஜுக்குப் பதிலே வராவிட்டாலும் அதே கணக்குதான். ஏப்ரல் 20 வரை காத்திருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்த விளக்கின் பக்கத்தில் பதிலில்லாத இரண்டு ஸ்டார் மூன்று மாதம் நிற்பதால் போகும் விற்பனை, அவர் ஒருவேளை திருத்தக்கூடும் என்ற நம்பிக்கையைவிடப் பெரிது என்பது என் எண்ணம். இரண்டு வாரம் மௌனமாக இருந்தவர் அதற்கப்புறம் வந்து திருத்துவது அபூர்வம்.

பொதுப்பதிலைப் படிக்கப்போகிறவர் குறை சொன்னவர் அல்ல, அந்த விளக்கை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர். எழுதும்போது அவரை மனதில் வையுங்கள்:

"விளக்கு எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்ததற்கு வருந்துகிறோம். இதன் உயரம் 4 அங்குலம், எங்கள் பழைய படங்களில் அது தெளிவாகத் தெரியவில்லை என்பது உண்மை. இப்போது உள்ளங்கையில் வைத்து எடுத்த படத்தை இரண்டாவதாகச் சேர்த்திருக்கிறோம். அடியில் இருந்த திட்டுகள் பொதியும்போது பட்ட விரல் ஈரத்தால் வந்தவை, இனி கையுறை போட்டுத் துடைத்து, மெல்லிய தாளில் சுற்றியே அனுப்புகிறோம். பயண நாள்கள் கூடியதும் சங்கடம்தான். உங்களுக்குத் தனியாகவும் எழுதியிருக்கிறோம், அதில் சொன்னதைச் செய்யக் காத்திருக்கிறோம்."

ரீஃபண்ட், மாற்று விளக்கு என்ற சொற்களைப் பொதுவில் எழுதவில்லை, கவனியுங்கள். எழுதினால் அடுத்து வருகிறவர் மெசேஜ் அனுப்பாமல் நேராக ரிவ்யூவில் குறை எழுதப் பழகுவார். வாங்கியவரின் பெயர், ஊர், ஆர்டர் விவரம் எதுவும் பொதுப்பதிலில் வரவே கூடாது. தாமதத்துக்கு ஒரு சின்ன வரிதான். அமெரிக்கச் சுங்கக் கொள்கையைப் பற்றி அங்கே வகுப்பு எடுக்காதீர்கள், அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் சாக்குபோல்தான் கேட்கும். சுங்கத்தைப் பற்றியே எழுதியவருக்கு, "இப்போது சுங்கத்தை நாங்களே முன்கூட்டிக் கட்டி அனுப்புகிறோம், வாசலில் எதுவும் கட்ட வேண்டியதில்லை" என்று இன்றைய நிலையைச் சொன்னால் போதும். அடுத்தவருக்கு வேண்டிய தகவல் அதுதான். அப்படித்தான் அனுப்புகிறீர்கள் என்றால் மட்டும் எழுதுங்கள்.

அதே ரிவ்யூவுக்குப் பெரும்பாலான கடைகளில் போகும் பதில் இப்படி இருக்கும்: "அன்புள்ள வாடிக்கையாளரே, அளவு 4 அங்குலம் என்று விவரத்தில் தெளிவாகக் குறிப்பிட்டுள்ளோம். தயவுசெய்து வாங்கும் முன் படிக்கவும். பித்தளை கறுப்பது இயல்பு. தாமதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல." ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சேர்த்துப் படித்தால் இந்தக் கடையில் ஏதாவது கோளாறு வந்தால் நம்மையும் இப்படித்தான் பேசுவார்கள் என்று மூன்றாவது ஆள் நினைப்பார், அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, ஒரே குரல். இரண்டு பேர் எழுதி ஒரே குரல் கொண்டுவருவது கஷ்டம். நான் சொல்வது வேலையையே பிரித்துக்கொள்ளுங்கள் என்பது. அக்கா மகன் ஷீட், தேதி, படம், சரிபார்ப்பு, மெசேஜ் பின்தொடர்வது எல்லாம் பார்க்கட்டும். பொதுப்பதிலை ஒருவர் மட்டும் எழுதுங்கள், நீங்களே எழுதுங்கள். பத்துப் பதினைந்து குறைகளுக்கு இரண்டு எழுத்தாளர்கள் தேவையில்லை.

நீங்களே எழுதினாலும் காலையில் ஒரு குரல், ராத்திரி பதினொன்றுக்கு ஒரு குரல் வரும். அதற்குச் சில விஷயங்களை ஒரு தாளில் நிலையாக எழுதி வையுங்கள். "நான்" என்பதா "நாங்கள்" என்பதா, ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடியுங்கள். வருத்தம் முதல் வாக்கியத்தில் ஒரு முறை, திரும்ப வராது. அந்த வாக்கியத்தில் அவர் சொன்ன குறை பெயரோடு வர வேண்டும். "ஏற்பட்ட சிரமத்துக்கு" என்று மொட்டையாக எழுதினால் ரிவ்யூவைப் படிக்கவில்லை என்று அர்த்தமாகும். வருத்தத்துக்குப் பின்னால் "ஆனால்" வரக் கூடாது, வந்தால் முன்னால் சொன்னது அழிந்துவிடும். அடுத்து என்ன நடந்தது, பிறகு என்ன மாற்றினோம். நான்கு, ஐந்து வாக்கியத்தில் முடிந்துவிட வேண்டும். வியப்புக்குறி, கைகூப்பும் பொம்மைகள், பெரிய எழுத்தில் வார்த்தைகள், எதுவும் வேண்டாம். நம் ஊர் அலுவலகக் கடிதத்தில் வரும் "ரெஸ்பெக்டட் சார் ஆர் மேடம்", "கைண்ட்லி" வகையறாவையும் விட்டுவிடுங்கள். நமக்கு அது மரியாதை, அங்கே படிப்பவருக்கு ஏதோ அரசு நோட்டீஸ்போல் இருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. ஒரே குரல் வேண்டும் என்று ஒரே பதிலை வெட்டி ஒட்டுவது. கடையின் ரிவ்யூ பக்கத்தில் பதில்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். "சின்னது" என்று சொன்ன நான்கு பேருக்கும் எழுத்துப் பிசகாமல் அதே நான்கு வரி நின்றால், யாரும் படிக்காமல் யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். மாறாமல் இருக்க வேண்டியது பதிலின் வரிசையும் தொனியும். மாற வேண்டியது விவரம். ஒருவர் ஜன்னலோரம் வைக்க வாங்கினேன் என்று எழுதியிருப்பார், ஒருவர் அம்மாவுக்குப் பரிசு என்று எழுதியிருப்பார். அந்த விவரம் முதல் வாக்கியத்தில் வந்தாலே பதில் தானாக வேறாகிவிடும்.

எழுதும் முறையிலும் ஒன்று செய்யுங்கள். ஒரே வகைக் குறைகளை ஒரே அமர்வில் எழுதுங்கள், அளவு பற்றியவை எல்லாம் ஒரு நாள், கறை பற்றியவை இன்னொரு நாள். எட்ஸி பெட்டியில் எழுதாமல் ஷீட்டிலேயே எழுதி, மறுநாள் காலையில் ஐந்தாறையும் வரிசையாகச் சத்தம் போட்டுப் படியுங்கள். எங்கே குரல் ஏறுகிறது, எங்கே கெஞ்சுகிறது என்று காதுக்கு உடனே தெரியும். அப்புறம் ஒட்டுங்கள். அக்கா மகன் கூடவே உட்கார்ந்து, ஜன்னல் திறந்திருக்கும் ரிவ்யூ எதற்காவது மெசேஜ் போகாமல் பதில் போய்விடப் போகிறதா என்று மட்டும் ஷீட்டில் பார்க்கட்டும்.

மிச்சமிருக்கும் நாற்பது ஐம்பது நல்ல ரிவ்யூக்களைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். ஐந்து ஸ்டார்களுக்குக் கீழே வரிசையாக "நன்றி, மீண்டும் வருக" என்று எழுதினால் யாருக்கும் லாபமில்லை, நீங்கள் உழைத்து எழுதிய குறைப்பதில்கள் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகும். படம் போட்டவர்கள், விவரமாக எழுதியவர்கள் சிலருக்குத் தனி மெசேஜில் இரண்டு வரி நன்றி போதும். ரிவ்யூவுக்குள் யாராவது கேள்வி கேட்டிருந்தால், எந்தத் திரி போடுவது, எப்படித் துலக்குவது என்று, அவர்களுக்கும் மெசேஜில் சொல்லிவிடுங்கள். அதே கேள்வி இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்திருந்தால் விளக்கின் விவரத்திலேயே பதிலைச் சேர்த்துவிடலாம். எழுத்தே இல்லாமல் மூன்று ஸ்டார் மட்டும் விட்டுப்போனவர்களிடம், ஏதாவது குறையா என்று ஒரு மெசேஜ். பதில் வராவிட்டால் பொதுவில் ஒன்றும் எழுதாதீர்கள். சொல்லாத குறைக்குப் பதில் சொன்னால், இல்லாத குறையை நீங்களே கடையில் தொங்கவிட்டதாகும்.

ஜன்னல் மூடிப்போன பழைய குறைகளில், இப்போதும் விற்கும் விளக்குகளுக்கு மட்டும் எழுதுங்கள். நிறுத்திவிட்ட விளக்குக்கு வேண்டாம். "தாமதமாக எழுதுகிறோம்" என்று ஒரு வார்த்தை போதும், ஏன் தாமதம் என்ற கதை வேண்டாம். அந்தப் பொருளில் என்ன மாறியிருக்கிறது என்பதற்கு நேராகப் போங்கள்.

ஒரு வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். உள்ளங்கைப் படம், முதல் வரியில் அளவு, கையுறை, புதிய பொதிமுறை, இவையெல்லாம் பதில் எழுதும் முன்பே நடந்திருக்க வேண்டும். "படத்தைச் சேர்த்திருக்கிறோம்" என்று படிப்பவர் அடுத்த நொடி மேலே ஏறி அந்தப் படத்தைத் தேடிப் பார்ப்பார். அளவு பற்றிய ரிவ்யூ நான்கு இருந்தால், நாளைக்கு முதல் வேலையாக அந்த விளக்கைக் கையில் வைத்து ஒரு படம் எடுத்துவிடுங்கள்.